வீட்டு வைஃபையில் கைப்பேசி: விபிஎன் யாரிடமிருந்து எதை மறைக்கிறது?

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் ரவிக்கை தைத்துக் கொடுக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். அவரிடம் கணினி கிடையாது. அளவுப் படங்கள் வருவதும், கூலி வருவதும், கரண்ட் பில் கட்டுவதும் ஒரே ஆண்ட்ராய்டு கைப்பேசியில்தான். மாடியிலுள்ள வீட்டில் சொந்தமாக ஃபைபர் இணைப்பு, சொந்த வைஃபை. போன மாதம் என்னைக் கூப்பிட்டு, “தம்பி, பேங்க் ஆப் திறக்க மாட்டேன் என்கிறது, என்னவென்று பார்” என்று கைப்பேசியை நீட்டினார். திரையின் மேல்கோடியில் சிறிய சாவிப் படம் ஒன்று இருந்தது. விபிஎன் ஓடிக்கொண்டிருந்தது என்பதற்கு அதுதான் அடையாளம்.

“இது எதற்கு அக்கா?” என்று கேட்டேன்.

“வைஃபை வழியாகப் பணத்தை உருவிவிடுகிறார்களாமே? வீடியோவுக்கு நடுவில் விளம்பரம் வந்தது. முதல் வாரம் இலவசம் என்றார்கள், போட்டுவிட்டேன்.”

வங்கிச் செயலிகள் சில, விபிஎன் ஓடும்போது திறக்க மறுக்கும். வாடிக்கையாளர் திடீரென்று வேறு நாட்டிலிருந்து வருவது போல அவற்றுக்குத் தெரிவதே காரணம். சாவியை அணைத்ததும் செயலி திறந்தது. ஆனால் அக்காவின் கேள்வி அப்படியே நின்றது: வீட்டுக்குள், சொந்த வைஃபையில், கைப்பேசி மட்டும் வைத்திருப்பவருக்கு விபிஎன் தேவையா? பெரும்பாலானோருக்குத் தேவையில்லை என்பது என் பதில். ‘தேவையில்லை’ என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தால் அடுத்த விளம்பரம் அவரை மறுபடி பயமுறுத்தும். அதனால் உட்கார்ந்து விளக்கினேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

## வால்டாக்ஸ் ரோட்டு மூட்டை

எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடைக்காரர் மதுரைக்குச் சரக்கு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். துணியை மூட்டையாகக் கட்டி, தைத்து, மேலே பெறுபவரின் பெயரையும் ஊரையும் எழுதி வால்டாக்ஸ் ரோட்டில் உள்ள பார்சல் புக்கிங் அலுவலகத்தில் போடுகிறார். அங்கே இருப்பவருக்கு என்ன தெரியும்? யார் அனுப்புகிறார், யாருக்குப் போகிறது, எத்தனை கிலோ, எந்தத் தேதி. உள்ளே இருப்பது பட்டா, பருத்தியா என்பது தெரியாது. மூட்டை தைக்கப்பட்டிருக்கிறது.

இப்போது அந்தக் கடைக்காரருக்கு ஒரு கவலை வருகிறது. தன் வாடிக்கையாளர்கள் யார் என்பதே புக்கிங் அலுவலகத்துக்குத் தெரியக் கூடாது என்று நினைக்கிறார். அதனால் மாதவரத்தில் ஒரு கிடங்குக்காரரோடு ஏற்பாடு செய்துகொள்கிறார். மதுரை மூட்டை, சேலம் மூட்டை எல்லாவற்றையும் பெரிய சாக்குகளில் போட்டு, ‘மாதவரம் கிடங்கு’ என்று மட்டும் எழுதி அனுப்புகிறார். கிடங்குக்காரர் வெளிச் சாக்கைப் பிரித்து, உள் மூட்டைகளை அந்தந்த ஊருக்கு அனுப்பிவிடுகிறார். புக்கிங் அலுவலகத்துக்கு இனி மாதவரம் என்ற ஒரே பெயர்தான் தெரியும். ஆனால் மதுரை, சேலம் என்ற பெயர்கள் எல்லாம் இப்போது கிடங்குக்காரருக்குத் தெரியும்.

விபிஎன் என்பது அந்தக் கிடங்கு. தமிழில் இதை ‘மெய்நிகர் தனியார் வலையமைப்பு’ என்று பெயர்த்து எழுதுகிறார்கள். அந்தப் பெயர் யாருக்கும் எதையும் புரியவைத்ததாகத் தெரியவில்லை. விபிஎன் என்றே எழுதுகிறேன்.

## கைப்பேசியிலிருந்து தெருமுனை வரை

நிஜ வழிக்கு வருவோம். அக்காவின் கைப்பேசி பேசுவது முதலில் ரௌட்டரோடு. வீட்டுச் சுவரில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டு, வைஃபை அலையைப் பரப்பும் பெட்டி அது. ரௌட்டரிலிருந்து கண்ணாடி இழைக் கம்பி தெருக்கம்பத்துக்குப் போகிறது. அங்கிருந்து இணைய நிறுவனத்துக்கு, அதாவது மாதாமாதம் யாருக்குப் பணம் கட்டுகிறோமோ அவர்களுக்கு. அங்கிருந்து வெளி இணையம், கடைசியில் வங்கியின் கணினி.

இந்த வழியில் இரண்டு தையல்கள் இருக்கின்றன. இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் முக்கால்வாசிப் பயத்துக்குக் காரணம்.

முதல் தையல் கைப்பேசிக்கும் ரௌட்டருக்கும் இடையே மட்டும் இருப்பது. வைஃபைக்குக் கடவுச்சொல் வைத்திருந்தால், காற்றில் போகும் எல்லாமே மறையாக்கம் செய்யப்படுகிறது. மறையாக்கம் என்றால், சாவி இல்லாதவர் பார்த்தால் குப்பை எழுத்துகளாகத் தெரியும்படி தகவலைக் கலைத்துப்போடுவது. கைப்பேசியில் வைஃபை பெயரைத் தொட்டு விவரம் பார்த்தால் WPA2 அல்லது WPA3 என்று இருக்கும். அதுதான் இந்தத் தையலின் பெயர். எதிர்வீட்டுப் பையன் மொட்டைமாடியில் லேப்டாப்போடு உட்கார்ந்தாலும், கடவுச்சொல் தெரியாவிட்டால் அவனுக்கு ஒன்றும் புரியாது.

இரண்டாவது தையல் நீளமானது. கைப்பேசியில் தொடங்கி வங்கியின் கணினியில் முடிகிறது. நடுவில் ரௌட்டரோ தெருக்கம்பமோ இணைய நிறுவனமோ அதைப் பிரிக்க முடியாது. முகவரியின் தொடக்கத்தில் வரும் `https://` என்பது இதைத்தான் குறிக்கிறது. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு பல தளங்களில் இது கிடையாது. விபிஎன் விளம்பரங்களில் வரும் பயமெல்லாம் அந்தக் காலத்துப் பயம்; அப்போது அதில் நியாயமும் இருந்தது. இன்று நிலைமை வேறு. ஆண்ட்ராய்டு 9, 2018-இல் வந்தபோது, புதிதாக எழுதப்படும் செயலிகள் தைக்காத மூட்டையை அனுப்பவே கூடாது என்பதை இயல்பான விதியாக வைத்தது. அதே ஆண்டு ஜூலையிலிருந்து குரோம் உலாவி, தைக்காத தளங்களைத் திறந்தால் `Not secure` என்று முகவரிக்குப் பக்கத்திலேயே எழுதிக் காட்டுகிறது. வாட்ஸ்அப் செய்திகளுக்கு 2016 முதல் இதைவிட ஒரு படி மேலான ஏற்பாடு உண்டு. அனுப்புபவரும் பெறுபவரும் தவிர, நடுவில் நிற்கும் வாட்ஸ்அப் நிறுவனமே செய்தியைப் படிக்க முடியாது.

இதுவரை சொன்னதன் சாரம்: வைஃபை கடவுச்சொல் வீட்டுக்குள் காக்கிறது; ஹெச்டிடிபிஎஸ் வீட்டிலிருந்து வங்கி வரை காக்கிறது. விபிஎன் போடுவதற்கு முன்பே மூட்டை தைக்கப்பட்டுத்தான் போகிறது.

## ஒரு மாலை நேரத்தில் வெளியே தெரிவது

அப்படியானால் மேலே எழுதிய முகவரி? அது தெரியத்தான் செய்கிறது. அக்காவின் ஒரு மாலை நேரத்தை எடுத்துக்கொண்டு, இணைய நிறுவனம் என்ன பார்க்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

7 மணிக்கு வங்கிச் செயலியில் இருப்புத் தொகை பார்க்கிறார். இந்த வங்கியின் கணினியோடு இந்த வீடு பேசியது, இத்தனை நிமிடம், இவ்வளவு தரவு என்பது நிறுவனத்துக்குத் தெரியும். கணக்கு எண், இருப்பு, கடவு எண் எதுவும் தெரியாது.

7.10-க்கு மீஞ்சூர் வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பில் கழுத்து வடிவப் படம் அனுப்புகிறார். வாட்ஸ்அப்போடு பேசியது தெரியும். யாருக்கு என்பது தெரியாது, படமும் தெரியாது.

7.30-க்கு ஆரி வேலைப்பாட்டு வீடியோ பார்க்கிறார். யூடியூப் என்று தெரியும், நிறையத் தரவு இழுக்கப்பட்டது தெரியும். எந்த வீடியோ என்று தெரியாது. யூடியூபுக்கு, அதாவது கூகுளுக்கு, நன்றாகவே தெரியும். அதை அப்புறம் பார்ப்போம்.

இரவு 9 மணிக்குக் கூகுளில் ஓர் உடல்நலக் கேள்வியைத் தட்டச்சு செய்கிறார். அந்தச் சொற்கள் நிறுவனத்துக்குத் தெரியாது. ஆனால் வந்த பதில்களில் ஒன்றைத் தொட்டு ஒரு மருத்துவமனையின் தளத்துக்குப் போகிறார். எந்தப் பக்கத்தைப் படித்தார் என்பது மறைந்திருக்கும். தளத்தின் பெயர் மறைந்திருக்காது. ஒரே ஒரு நோய்க்கான மருத்துவமனையாக இருந்தால் பெயரே பாதிக் கதையைச் சொல்லிவிடும். உண்மையில் கசிவது இந்த இடத்தில்தான். விபிஎன் பற்றிப் பேசுவதில் அர்த்தமுள்ள இடமும் இது ஒன்றுதான்.

பெயர் எப்படித் தெரிகிறது? இரண்டு இடங்களில். முதலாவது டிஎன்எஸ். இணையத்தின் தொலைபேசிப் புத்தகம் என்று இதைச் சொல்லலாம். தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் எண் முகவரியைத் தரும். ‘இந்த மருத்துவமனையின் எண் என்ன?’ என்று கைப்பேசி கேட்பது, வழக்கமாக இணைய நிறுவனத்தின் டிஎன்எஸ் கணினியிடம், அதுவும் மறையாக்கம் இல்லாமல், உரக்க. இரண்டாவது, தளத்தின் கதவைத் தட்டும்போது. மூட்டையைத் தைத்து முடிப்பதற்கு முன், ‘நான் இன்ன தளத்தைப் பார்க்க வந்திருக்கிறேன்’ என்று கைப்பேசி ஒருமுறை பெயரைச் சொல்கிறது. ஒரே கணினியில் பல தளங்கள் குடியிருப்பதால் இது தேவைப்படுகிறது. பெரும்பாலான தளங்களில் இன்றும் இந்தப் பெயர் வெளிப்படையாகவே போகிறது.

வடசென்னையில் இதற்கு ஒரு தனி முகம் உண்டு. பல தெருக்களில் இணைப்பைக் கொடுப்பது, முன்பு கேபிள் டிவி இழுத்தவரே. வீட்டுக்கு வந்து ரௌட்டரை மாட்டுபவர் அடுத்த தெருக்காரர்; கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கும் அளவுக்குப் பழக்கம். ‘என் பெண் என்ன பார்க்கிறாள் என்று அவருக்குத் தெரிந்துவிடுமோ’ என்று அக்கா கேட்டதில் தவறில்லை. கேபிள்காரர்களில் பலர் ஒரு பெரிய நிறுவனத்தின் இணைப்பை வாங்கிக் கொடுப்பவர்கள்தான். போக்குவரத்துப் பதிவு அந்தப் பெரிய நிறுவனத்தின் கணினிகளில் சேர்கிறது. எந்த முகவரி எந்த முகவரியோடு எப்போது பேசியது என்ற பதிவை வைத்திருக்க வேண்டும் என்பது உரிம நிபந்தனையும்கூட. ஆனால் அந்தப் பதிவில்கூட இருப்பது மூட்டையின் மேலெழுத்து மட்டுமே.

## விபிஎன் போட்டால் மாறுவது

அதே மாலையை விபிஎன்னோடு ஓட்டிப் பார்ப்போம். கைப்பேசியில் உள்ள விபிஎன் செயலி, வெளியே போகும் எல்லா மூட்டைகளையும் பெரிய சாக்கில் போட்டுத் தைத்து, விபிஎன் நிறுவனத்தின் கணினிக்கு அனுப்புகிறது. இணைய நிறுவனம் பார்ப்பது: 7 மணியிலிருந்து 10 மணி வரை இந்த வீடு ஒரே ஒரு முகவரியோடு பேசியது, நிறையத் தரவு. வங்கி, யூடியூப், மருத்துவமனை ஆகிய பெயர்கள் மறைந்துவிட்டன.

ஆனால் அந்தப் பெயர்கள் காற்றில் கரைந்துவிடவில்லை. மாதவரம் கிடங்கில் சாக்கு பிரிக்கப்படுகிறது. விபிஎன் நிறுவனம் இப்போது அதே பட்டியலைப் பார்க்கிறது. தண்டையார்பேட்டை இணைய நிறுவனத்தின் இடத்தில், எங்கேயோ பதிவு செய்யப்பட்ட, முகம் தெரியாத ஒரு நிறுவனம் வந்து உட்கார்ந்திருக்கிறது. மறைந்தது பார்வை அல்ல. பார்ப்பவர் மாறினார், அவ்வளவுதான்.

வழியின் மறுமுனையில் எதுவும் மாறவில்லை. கூகுள் கணக்கில் உள்நுழைந்துதான் யூடியூப் பார்க்கிறார். எந்த வழியாக வந்தாலும் இது அக்காதான் என்று கூகுளுக்குத் தெரியும். வாட்ஸ்அப்புக்குத் தொலைபேசி எண் தெரியும். செயலிகளுக்கு இருப்பிட அனுமதி கொடுத்திருந்தால், விபிஎன் சிங்கப்பூரில் இருப்பதாகக் காட்டினாலும் ஜிபிஎஸ் தண்டையார்பேட்டை என்றே சொல்லும். ‘ஐபி முகவரியை மறைக்கிறோம்’ என்று விளம்பரம் சொல்வது உண்மை. ஐபி முகவரி என்பது இணையத்தில் நம் வீட்டுக்குக் கொடுக்கப்பட்ட கதவு எண். பல இணைய நிறுவனங்கள் ஒரே எண்ணைப் பல வீடுகளுக்குப் பொதுவாகக் கொடுக்கின்றன. நம் பெயரில் கணக்கைத் திறந்து வைத்துக்கொண்டு கதவு எண்ணை மட்டும் துணி போட்டு மூடுவதால் பெரிதாக என்ன நடந்துவிடும்?

சுருக்கிச் சொன்னால், விபிஎன் இணைய நிறுவனத்திடமிருந்து தளங்களின் பெயரை மறைக்கிறது. அதே பெயர்களை விபிஎன் நிறுவனத்திடம் கொடுக்கிறது. தளங்களுக்கும் செயலிகளுக்கும் நம்மைப் பற்றித் தெரிந்தது ஏறக்குறைய அப்படியே இருக்கிறது.

## கிடங்குக்காரர் யார்?

அப்படியானால் கேள்வி, இணைய நிறுவனத்தைவிட விபிஎன் நிறுவனத்தை அதிகம் நம்பலாமா என்பதுதான். இலவச விபிஎன் விஷயத்தில் ஒரு பழைய கதை போதும். ஒனாவோ புரொடெக்ட் என்று ஒரு செயலி இருந்தது. ‘உங்கள் தரவைப் பாதுகாக்கிறோம்’ என்று சொன்ன இலவச விபிஎன். அந்த நிறுவனத்தை ஃபேஸ்புக் 2013-இல் வாங்கியது. மக்கள் எந்தச் செயலியை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்ற தகவல் அதன் வழியாக ஃபேஸ்புக்குக்குப் போய்க்கொண்டிருந்தது. 2018-இல் ஆப்பிள் கடையிலிருந்து அது விலக்கப்பட்டது; 2019-இல் மூடப்பட்டது. 2023-இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம், இந்தச் செயலி தொடர்பாக மக்களைத் தவறாக வழிநடத்தியதற்காக அந்நிறுவனத்தின் இரண்டு கிளைகளுக்கு மொத்தம் 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. பாதுகாப்புக்காகப் போட்ட சாக்கே சரக்கை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறது.

எல்லா விபிஎன் நிறுவனமும் இப்படி என்று சொல்லவில்லை. காசு வாங்கிக்கொண்டு நேர்மையாக நடத்துபவர்கள் இருக்கிறார்கள். தங்கள் கணினிகளை வெளியாரை வைத்துத் தணிக்கை செய்து அறிக்கை வெளியிடுபவர்களும் உண்டு. இந்தியாவில் இன்னொரு விஷயத்தையும் சேர்த்து யோசிக்க வேண்டும். கணினி அவசரநிலைகளைக் கவனிக்கும் மத்திய அமைப்பான செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28 அன்று ஓர் உத்தரவு வெளியிட்டது. விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொடர்பு எண், கொடுக்கப்பட்ட ஐபி முகவரி போன்றவற்றை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றது அது. இதை ஏற்காத சில பெரிய நிறுவனங்கள் இந்தியாவில் இருந்த தங்கள் சர்வர்களை எடுத்துவிட்டன. ஆகவே அவற்றைப் பயன்படுத்தினால் நம் தரவு சென்னையிலிருந்து சென்னைக்குப் போக வேண்டியதுகூட, வெளிநாடு போய்ச் சுற்றிக்கொண்டு வரும். அக்காவின் வங்கிச் செயலி முரண்டு பிடித்ததும் இதே சுற்றினால்தான்.

ஆண்ட்ராய்டே இதைப் பற்றி எச்சரிக்கிறது. விபிஎன் செயலியை முதன்முதலில் இயக்கும்போது ஒரு பெட்டி தோன்றும். இந்தச் செயலி உங்கள் இணையப் போக்குவரத்தைக் கண்காணிக்க முடியும், நம்பினால் மட்டும் அனுமதியுங்கள் என்பது அதன் பொருள். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் படிக்காமலே `OK` தொட்டிருப்பார்கள் என்பது என் ஊகம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் தொட்டேன்.

## பணம் உண்மையில் போகும் வழி

அக்காவின் பயம் பணத்தைப் பற்றியது. நம் பகுதியில் கைப்பேசி வழியாகப் பணம் இழந்தவர்களிடம் பேசிப் பாருங்கள். வைஃபை காற்றில் யாரோ உருவியதாக ஒரு கதைகூட நான் கேட்டதில்லை. நான் கேட்டவை வேறு. வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று ஒரு கோப்பு வந்தது. அதன் பெயர் `.apk` என்று முடிந்தது. அதாவது அது பத்திரிகை அல்ல, செயலி. நிறுவியதும் குறுஞ்செய்திகளைப் படிக்கத் தொடங்கி ஓடிபியை எடுத்துக்கொண்டது. அல்லது, கரண்ட் இன்றிரவு துண்டிக்கப்படும் என்று செய்தி வந்து, அதிலிருந்த எண்ணுக்குப் பேசி, அவர்கள் சொன்ன திரைப் பகிர்வுச் செயலியை நிறுவினார்கள். அல்லது, பணம் பெறுவதற்கு என்று நம்பி யுபிஐ பின்னை அடித்தார்கள்.

இவற்றில் எதையும் விபிஎன் தடுக்காது. காரணம் எளிது. இங்கே மூட்டையை வழியில் யாரும் பிரிக்கவில்லை; அனுப்புபவரே கையால் கொடுத்துவிட்டார். விபிஎன் அந்த மோசடிக் கோப்பையும் பத்திரமாகத் தைத்து, பெரிய சாக்கில் போட்டு, வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும். சில விபிஎன் செயலிகள் தெரிந்த மோசடித் தளங்களைத் தடுக்கும் வசதியையும் சேர்த்துத் தருகின்றன. அது விபிஎன்னின் வேலை அல்ல, கூடவே ஒட்டிக்கொடுத்த வேறு சாமான். குரோமிலேயே அதற்கு ஈடானது இருக்கிறது. பணம் போய்விட்டால் முதல் வேலை 1930 என்ற எண்ணுக்கு அழைப்பது. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவு தூரம் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு.

## கடவுச்சொல் மூன்று வீட்டுக்குத் தெரிந்திருந்தது

பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு விஷயம் வெளியே வந்தது. அக்காவின் வைஃபை கடவுச்சொல் கீழ்வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் தெரியும். கொரோனா நேரத்தில் பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்புக்காகக் கொடுத்தது, அப்படியே விட்டுவிட்டார். ‘சொந்த வைஃபை’ என்ற சொல்லின் பொருள் இங்கே கொஞ்சம் தளர்கிறது.

WPA2-இல் எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல். அது தெரிந்த ஒருவர், கருவியும் பொறுமையும் இருந்தால், இன்னொருவரின் கைப்பேசி வைஃபையில் இணையும் தருணத்தைப் பதிவு செய்து முதல் தையலைப் பிரிக்க முடியும். இரண்டாவது தையல், அதாவது ஹெச்டிடிபிஎஸ், அப்போதும் பிரியாது. அவருக்குக் கிடைப்பதும் இணைய நிறுவனத்துக்குக் கிடைப்பது போல மேலெழுத்துதான். இன்னும் துணிந்து, போலி வங்கித் தளத்தை நடுவில் நிறுத்தப் பார்த்தால், உலாவி பக்கம் முழுவதையும் மறைத்து `Your connection is not private` என்று எச்சரிக்கும். வீட்டு வைஃபையில், வழக்கமாகத் திறக்கும் தளத்தில் அந்த எச்சரிக்கை வந்தால் முதலில் கைப்பேசியின் தேதி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். தேதி தவறினாலும் இது வரும். தேதி சரியாக இருந்தால், மேற்கொண்டு போகாமல் மொபைல் டேட்டாவுக்கு மாறி அதே தளத்தைத் திறந்து பாருங்கள். அங்கே ஒழுங்காகத் திறந்தால் கோளாறு வீட்டு ரௌட்டர் பக்கம் இருக்கிறது.

ரௌட்டர் பக்கத்தில் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. உலாவியில் `192.168.1.1` என்று அடித்தால் ரௌட்டரின் உள்அமைப்புப் பக்கம் திறக்கும். சில பெட்டிகளில் எண் சற்று மாறும். பெட்டியின் அடியில் ஒட்டிய தாளில் இருக்கும். அங்கே நுழையப் பெயரும் கடவுச்சொல்லும் இரண்டுமே `admin` என்று இருந்தன. பெட்டியை மாட்டியவர் மாற்றாமல் போய்விட்டார். வைஃபைக்குள் இருக்கும் யாரும் அங்கே நுழைந்து டிஎன்எஸ் எண்ணை மாற்றிவிட்டால், வீட்டிலுள்ள எல்லா கைப்பேசிகளும் தொலைபேசிப் புத்தகத்தைத் தவறான ஆளிடம் கேட்கத் தொடங்கும்.

வைஃபை கடவுச்சொல்லை மாற்றினோம். ரௌட்டர் நிர்வாகக் கடவுச்சொல்லையும் மாற்றி, தையல் அளவு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தார். வீட்டுக்குள் இருக்கும் நோட்டில் எழுதுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கீழ்வீட்டுப் பிள்ளைக்கு ரௌட்டரிலேயே இருந்த விருந்தினர் வைஃபையைத் தனிப் பெயரில் திறந்துவிட்டோம். வேண்டாம் என்று சொல்லி மனத்தாங்கல் வளர்க்க வேண்டியதில்லை.

பிறகு கைப்பேசியில் ஒரு மாற்றம். அமைப்புகளில், நெட்வொர்க் பகுதியில் `Private DNS` என்று ஒன்று இருக்கும். ஆண்ட்ராய்டு 9-இலும் அதற்குப் பிந்தைய பதிப்புகளிலும் ஓடும் கைப்பேசிகளில் உண்டு. தேடும் கட்டத்தில் இந்தப் பெயரையே அடித்தால் வந்துவிடும். அதில் நிறுவனப் பெயர் கேட்கும் இடத்தில் இதை அடித்தோம்:

```
dns.google
```

இதன்பின் தொலைபேசிப் புத்தகக் கேள்விகள் மறையாக்கத்தோடு நேரே கூகுளுக்குப் போகும். கதவைத் தட்டும்போது பெயர் தெரிவது தொடரும். ஆகவே இது முழு மறைப்பு அல்ல. கேள்விகளை இப்போது கூகுள் பார்க்கிறது என்பதும் உண்மை. கிடங்குக்காரர் கதைதான், சிறிய அளவில். ஆனால் ரௌட்டரில் யாராவது டிஎன்எஸ்ஸை மாற்றினாலும் இந்தக் கைப்பேசியை அது தொடாது. செலவில்லை, வங்கிச் செயலியும் திறக்கிறது. எங்காவது வெளியே இதனால் இணையம் வராமல் போனால் அதே இடத்தில் `Automatic` என்று மாற்றினால் போதும்.

## யாருக்கு வேண்டும்?

சிலருக்கு வீட்டிலும் விபிஎன் வேண்டும். அலுவலகக் கோப்புகளைத் திறக்க நிறுவனமே விபிஎன் கொடுத்திருந்தால் அதைப் போடத்தான் வேண்டும். அங்கே கிடங்கு நிறுவனத்தின் சொந்தக் கிடங்கு. நீங்கள் பார்க்கும் தளங்களின் பெயர்கூட இணைய நிறுவனத்துக்கோ உள்ளூர்க்காரருக்கோ தெரியக் கூடாது என்று உங்களுக்குத் தக்க காரணம் இருந்தால், தணிக்கை அறிக்கை வெளியிடும் ஒரு கட்டண நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்துப் போடலாம். அது இணைய நிறுவனத்தைவிட நம்பத் தக்கது என்று நீங்கள் முடிவு செய்திருக்க வேண்டும். இந்தியாவில் விபிஎன் பயன்படுத்துவதைப் பொதுவாகத் தடைசெய்யும் சட்டம் இல்லை.

வீட்டுக்குள்ளேயே ஒருவரிடமிருந்து மறைக்க வேண்டிய நிலையில் இருப்பவர்களும் உண்டு. பல ரௌட்டர்களில் தளங்களின் பெயர்ப் பதிவைப் பார்க்கலாம். விபிஎன் அதை மறைக்கும். ஆனால் அந்த நபர் உங்கள் கைப்பேசியைத் திறக்க முடியுமென்றால் உலாவியின் வரலாறே போதும் அவருக்கு. திரைப் பூட்டை மாற்றுவது அங்கே விபிஎன்னைவிட முந்திய வேலை.

அக்கா இந்த இரண்டு மூன்று வகையிலும் இல்லை. செயலியை நீக்கிவிடலாம் என்று நீண்ட நேரம் அழுத்தி `Uninstall` தொடப் போனார். நிறுத்தினேன். செயலியை நீக்கினால் சந்தா நிற்காது. இலவச வாரம் முடிந்ததும் பணம் எடுக்கத் தொடங்கிவிடும். பிளே ஸ்டோரில் மேலே உள்ள தன் படத்தைத் தொட்டு, கட்டணங்களும் சந்தாக்களும் என்ற பகுதியில் அந்த விபிஎன் சந்தாவை முதலில் ரத்து செய்தோம். இலவசம் முடிய இரண்டு நாள் பாக்கி இருந்தது. யுபிஐ செயலியில் ஆட்டோபே பட்டியலையும் திறந்து பார்த்தோம். அங்கே போன வருடம் பேரன் போட்ட ஒரு விளையாட்டுச் செயலி மாதாமாதம் 99 ரூபாய் எடுத்துக்கொண்டிருந்தது.